சான்றிதழ் இருக்கிறது, காப்புறுதி?

"அக்கா, 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டேன். இனி தனியாக வகுப்பு எடுக்கலாமா?" பிறையிலிருந்து ஒரு நேயர் கேட்டார்.

அந்தச் சான்றிதழைத் தந்தது பயிற்சி நடத்திய தனியார் பள்ளி. அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் என்பது வேறு. அது ஒரு பதிவேடு. உங்களுக்குத் தேர்வு வைக்காது. அதில் பதிந்த பள்ளியில் படித்திருந்தால்தான் 'ஆர்.ஒய்.டி 200' என்று உங்கள் பெயர் ஏறும். ஆகவே கட்டணம் கட்டுமுன்பே பள்ளியின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். இந்திய ஆயுஷ் அமைச்சின் யோகா சான்றிதழ் வாரியமோ ஆசிரியரையே தேர்வு எழுத வைக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

எந்தப் பதிவும் விபத்துக்குப் பணம் தராது. இளைஞர் பூங்காவில் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பாடம் நடத்தும்போது நீங்கள் விழுந்து கை முறிந்தால், சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சந்தா கட்டியிருந்தால் பெர்கேசோ உதவும். ஆனால், அது மாணவருக்கு அல்ல. நீங்கள் வைத்த தண்ணீர்ப் போத்தலில் மாணவி இடறி விழுந்தால், பொதுப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். முதுகுவலிக்காரரை நீங்களே அழுத்தி வளைத்து, வலி கூடிவிட்டால்? அதற்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

வாங்கும்போது உங்கள் சான்றிதழைக் காட்டி, கற்றுத்தரும் அத்தனையையும் சொல்லுங்கள். பாலிசியில் யோகா மட்டும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை டம்பெல் வகுப்பில் நேரும் காயத்துக்கு இழப்பீடு கேட்க முடியாமல் போகலாம்.