எம்.சி.பி. என்ன பாவம் செய்தது?

மார்கழி பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரே நாடகம்தான். புதிதாக மாட்டிய இன்ஸ்டன்ட் கீசரைப் போடுவார்கள். பாத்ரூம் லைட் லேசாக மங்கும். கொஞ்ச நேரம் கழித்து "டக்"... பாதி வீடு இருட்டு. எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பார். "எம்.சி.பி. வீக்கா இருக்கு சார், 32 போட்டுடலாம்" என்பார். போட்டும் விடுவார். அப்புறம் ட்ரிப்பே ஆகாது. வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், எலக்ட்ரீஷியனுக்கும் சந்தோஷம்.

திருடனைப் பார்த்துக் குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டு, "இப்போ சத்தமே இல்லை பாருங்க" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எம்.சி.பி. கீசரைக் காப்பாற்ற வைத்த சாமான் இல்லை மக்களே. அது காப்பாற்றுவது சுவருக்குள் போகும் வயரை. வயர் எவ்வளவு ஆம்பியர் தாங்குமோ, அதைத் தாண்டவிடாமல் நிறுத்துவதுதான் அதன் ஒரே வேலை. ஆகவே எம்.சி.பி.யின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது வயரின் தடிமன். வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், காவலுக்கு ஆளே இல்லை என்று அர்த்தம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கரந்தைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரும் பெட்டியும் வாசல் திண்ணையில். பாத்ரூம் கொல்லைப்புறத்தில். நடுவில் ரேழி, கூடம், அடுப்படி எல்லாம் தாண்டி வயர் போகும் தூரம் 18 மீட்டர். அந்த பாத்ரூமுக்கு இருப்பது ஒரு பல்புக்காக என்றைக்கோ இழுத்த 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர். அதில் 3 கிலோவாட் கீசரை மாட்டுகிறார்கள்.

3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். குழாய்க்குள் போகும் 1 ஸ்கொயர் வயர் நிம்மதியாகத் தாங்குவது சுமார் 11 ஆம்பியர்தான். போக 18, வர 18 என்று 36 மீட்டர் வயரின் மின்தடை சுமார் 0.7 ஓம். அதில் 13 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே கிட்டத்தட்ட 120 வாட் சூடாக விரயமாகும். இரண்டு பழைய 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு வயர் போகும் குழாய்க்குள் செருகி வைத்த மாதிரி! இதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் வயர் போட்டால் அந்தச் சூடு 30 வாட்டுக்கு இறங்கிவிடும்.

அந்த 120 வாட்டும் வயர் முழுக்கச் சமமாகப் பரவினால்கூடத் தப்பிக்கலாம். ஆனால் பழைய வீட்டில் எங்கேயாவது முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்று இருக்கும். சூடு அங்கேதான் சேரும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைக்கும்தான் கணக்கு. அதைத் தாண்டித் தாண்டி உறை காய்ந்து வெடிக்கும். இப்போது அந்த 32 ஆம்பியர் எம்.சி.பி. என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. எம்.சி.பி. தன் அளவைப் போல 1.13 மடங்கு வரை ட்ரிப் ஆகக்கூடாது என்பதுதான் அதன் தர விதி. அதாவது 36 ஆம்பியர் ஓடினாலும் 32 எம்.சி.பி. சும்மா இருக்கும். 11 தாங்கும் வயரில் 36!

"போன வருஷம் பூரா ஓடுச்சே, ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பவர்களுக்கு டெல்டாவே ஒரு பதில் வைத்திருக்கிறது. லோ வோல்டேஜ். பம்புசெட்டுகள் ஓடுகிற நேரத்தில் கிராமத்து லைனில் 190 வோல்ட் வந்தால் 3 கிலோவாட் கீசர் 2 கிலோவாட் கீசர் ஆகிவிடும். கரண்டும் 11 ஆம்பியருக்குக் கீழே இறங்கிவிடும். வயர் தப்பித்தது வயரின் பலத்தால் அல்ல, வோல்டேஜின் பலவீனத்தால். வோல்டேஜ் நன்றாக வரும் நாளில்தான் பரீட்சை. 250 வோல்ட் வந்தால் அதே கீசர் 14 ஆம்பியர் இழுக்கும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. லோ வோல்டேஜில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று கடைக்குப் போய் 4.5 கிலோவாட் வாங்கி வருவார்கள். அது 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில்கூட அதை மாட்டக் கூடாது. இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. 3 கிலோவாட்டில், நிமிடத்துக்கு 3 லிட்டர் விட்டால் தண்ணீர் 14 டிகிரி சூடேறும். 25 டிகிரியில் இருக்கும் டேங்க் தண்ணீர் 39 ஆகும். குளிக்க அது போதும். 190 வோல்ட்டில் அதே சூடு வேண்டுமென்றால் குழாயைக் கொஞ்சம் மூடி, 2 லிட்டராக விட்டால் தீர்ந்தது. பெரிய கீசரே தேவையில்லை.

சரி, என்னதான் செய்ய வேண்டும்?

பெட்டியிலிருந்து கீசருக்கு மட்டும் தனி லைன். நடுவில் லைட், ஃபேன், வாஷிங் மெஷின் என்று எதையும் அதில் தொங்கவிடக் கூடாது. தூரம் பத்து மீட்டருக்குள் என்றால் 2.5 ஸ்கொயர் செம்பு வயர் போதும். கரந்தை வீடு மாதிரி நீளமாக, வெயிலில் காயும் ஓட்டுக்கு அடியில் போகிறது என்றால் 4 ஸ்கொயர். இரண்டுக்குமே, 3 கிலோவாட் கீசருக்கு, 16 ஆம்பியர் எம்.சி.பி. 13 ஆம்பியருக்கு அது தாராளம். பிளக்கும் 16தான் என்பதால் அதையும் சேர்த்துக் காப்பாற்றும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் கதவுக்கு வெளியே. சாக்கெட் தண்ணீர் தெறிக்காத இடத்தில்.

அப்புறம் எர்த். பழைய வீட்டு சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் பல சமயம் வயரே இருக்காது. அதைவிட மோசம், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த்தில் முடிந்து வைப்பது. எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் கீசரின் உலோக பாகங்களிலும் தண்ணீரிலும் நேராகக் கரண்ட் வந்து நிற்கும். ஈர வண்டல் மண்ணில் எர்த் கம்பி இறக்குவது சுலபம். மண் தாராளமாகத்தான் இருக்கிறது, மனுஷன்தான் கஞ்சம். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வேண்டும். எம்.சி.பி. வயருக்குக் காவல், ஆர்.சி.சி.பி. ஆளுக்குக் காவல். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

ட்ரிப் ஆனாலும் அது ஏதோ சொல்ல வருகிறது என்று கேளுங்கள். போட்ட உடனே எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட். சில நிமிடம் ஓடி விழுந்தால் ஓவர்லோட். ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது, பெரும்பாலும் கீசருக்குள் இருக்கும் காயில் ஓட்டையாகியிருக்கும். சுவிட்ச் போர்டு தொட்டால் சுடுகிறது, சாக்கெட் பழுப்பேறுகிறது, கருகல் வாடை என்றால் அன்றைக்கே கீசரை நிறுத்திவிட வேண்டும்.

"இவ்வளவும் பண்ணினா கீசர் விலைக்கு வயரே வந்துடுமே?" வரும்தான். கடைக்காரர் சொல்லும் "ஃப்ரீ இன்ஸ்டலேஷன்" பெரும்பாலும் சுவரில் மாட்டிப் பைப் சேர்ப்பதோடு சரி. அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் விலை கீசரின் விலையில் பாதிதான், மீதிப் பாதி சுவருக்குள் இருக்கிறது. வாங்குகிற அன்றைக்கே இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டல் கட்டுப்படியாகாது என்றால் விறகு அடுப்பும் அண்டாவும் இன்னும் கொல்லையில்தானே இருக்கின்றன? வெந்நீர் போட்டுக் குளிக்கலாம். 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மட்டும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.