மறைத்து வைத்த வெயிட்டேஜ்: இரண்டு ரேங்க் கார்டு போதும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே பத்தாம் வகுப்பு படிக்கும் என் தங்கையின் பேத்தி, இரண்டு பருவத்தின் ரேங்க் கார்டுகளையும் என்னிடம் கொண்டு வந்தாள். கணக்குப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு, வகுப்புப் பணி, ப்ராஜெக்ட் என மூன்று மதிப்பெண்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கு. கடைசியில் 'மொத்தம்' என்று ஒரு எண். முதல் பருவத்தில் 82, 90, 60, மொத்தம் 73.3. இரண்டாம் பருவத்தில் 74, 80, 88, மொத்தம் 81.2.

பாருங்கள், தேர்வில் எட்டு மதிப்பெண் குறைந்திருக்கிறது, வகுப்புப் பணியில் பத்து குறைந்திருக்கிறது. ஆனால் மொத்தம் ஏறியிருக்கிறது! எதற்கு எத்தனை பங்கு என்று அவள் அப்பா பள்ளியில் கேட்டார். "அது உள் விஷயம் சார். எழுத்துத் தேர்வுதான் முக்கியம், அதைப் படிக்கச் சொல்லுங்கள்" என்று பதில் வந்ததாம். பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் கிடைக்க இந்த மொத்தம் 80 வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

உள் விஷயமாம். ஒன்பதாம் வகுப்பு நீக்கல் முறை தெரிந்த பிள்ளைக்கு இது பத்து நிமிட விஷயம். அதைத்தான் அவளையே உட்காரவைத்துப் போடச் சொன்னேன்.

தெரியாதவை மூன்று, கையில் இருக்கும் கார்டு இரண்டு, அப்புறம் எப்படி என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. மூன்று பங்குகளையும் கூட்டினால் 1 வரவேண்டும், அதுதான் மூன்றாவது சமன்பாடு. அதைப் பயன்படுத்த ஒரு சுலப வழி உண்டு. வகுப்புப் பணியை அடிமட்டமாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழித்துவிடுங்கள். அதன் பங்கு சமன்பாட்டை விட்டே போய்விடும். தேர்வின் பங்கு x, ப்ராஜெக்டின் பங்கு y என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பருவத்தில் தேர்வு வகுப்புப் பணியைவிட 8 குறைவு, ப்ராஜெக்ட் 30 குறைவு, மொத்தம் 16.7 குறைவு. இரண்டாம் பருவத்தில் தேர்வு 6 குறைவு, ப்ராஜெக்ட் 8 அதிகம், மொத்தம் 1.2 அதிகம். ஆகவே

```
 8x + 30y = 16.7
-6x +  8y =  1.2
```

முதலாவதை 3-ஆலும் இரண்டாவதை 4-ஆலும் பெருக்கிக் கூட்டினால் x போய்விடும். 122y = 54.9, அதாவது y = 0.45. அதை முதல் சமன்பாட்டில் போட்டால் 8x = 3.2, x = 0.40. மீதி 0.15 வகுப்புப் பணிக்கு.

எழுத்துத் தேர்வுதான் முக்கியம் என்றார்களே, அதற்கு 40. ப்ராஜெக்டுக்கு 45! முதல் பருவத்தில் அந்தக் குழந்தை தானே சார்ட் ஒட்டி, தானே எழுதிக் கொண்டுபோய் 60 வாங்கினாள். இரண்டாம் பருவத்தில் இன்ஜினியர் மாமா இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மோட்டார் வைத்த மாடல் செய்து கொடுத்தார். 88. அந்த 28 மதிப்பெண்ணே மொத்தத்தில் 12.6 ஏற்றிவிட்டது. தேர்விலும் வகுப்புப் பணியிலும் இழந்தது இரண்டும் சேர்ந்து 4.7தான்.

விடை அழகாக வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். மூன்றாவது கார்டு ஒன்றில் போட்டுப் பார்க்க வேண்டும். அவள் தோழி தன் கார்டைத் தானே கொடுத்தாள். தேர்வில் 91, வகுப்புப் பணியில் 70, ப்ராஜெக்டில் 64. நம் பங்குகளின்படி 36.4, 10.5, 28.8, கூட்டினால் 75.7. கார்டிலும் 75.7. கணக்கில் 91 எடுத்த பிள்ளை முதல் குரூப் வாசலுக்கு வெளியே, 74 எடுத்தவள் உள்ளே. 74 எடுத்தவள் என் பேத்தி முறை. அதற்காக இதை நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த வழி எங்கே தடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்டும் ஒரே சாயலில் இருந்தால் பயனில்லை. 82, 90, 60 ஒன்று, 78, 86, 56 இன்னொன்று என்றால், கழித்தபின் இரண்டிலும் அதே 8, அதே 30தான் வரும். ஒரே சமன்பாட்டை இரண்டு முறை எழுதியதாகத்தான் ஆகும். தேர்வில் ஓங்கியது ஒன்று, ப்ராஜெக்டில் ஓங்கியது ஒன்று என்று தேடுங்கள். விடையில் கழித்தல் குறி வந்தால், அல்லது 37.6 போல எந்தப் பள்ளியும் வைக்காத பங்கு வந்தால், இடையில் பங்கை மாற்றியிருப்பார்கள், அல்லது மிகக் குறைந்த தேர்வை விட்டுவிட்டுச் சராசரி எடுத்திருப்பார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது முழுமையாக்கல். இந்தக் கார்டில் மொத்தம் ஒரு தசமம் வரை இருந்தது நம் அதிர்ஷ்டம். அதில் ஒளிந்திருக்கக்கூடிய பிழை 0.05தான். அதனால் நம் x ஒரு சதவீதம்கூட நகராது. அதையே 73, 81 என்று அச்சிட்டிருந்தால்? x 43.4 சதவீதம், y 45.1 சதவீதம் என்று வரும். 40, 15, 45 என்ற பங்கும் பொருந்தும், 45, 10, 45 என்ற பங்கும் பொருந்தும். போட்டுப் பாருங்கள், முதல் பருவத்துக்கு 73.3-ம் 72.9-ம் வரும், இரண்டும் 73தான். எது என்று சொல்ல இன்னொரு கார்டு வேண்டும். ஆனால் ப்ராஜெக்டின் 45 அப்போதும் அசையவில்லை, கவனித்தீர்களா?

பங்கைச் சொன்னால் பிள்ளைகள் அதற்கேற்பக் குறுக்கு வழி தேடுவார்கள் என்று அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதாடினார். சரி, இப்போது யார் தேடுகிறார்கள்? கணக்குப் போடத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே கண்டுபிடித்து ப்ராஜெக்டில் பணத்தைக் கொட்டுகிறார்கள். "தேர்வுதான் முக்கியம்" என்ற சொல்லை நம்பி டியூஷனுக்குக் கடன் வாங்குகிறவர்களுக்குத்தான் அது ரகசியம். இரண்டு சமன்பாட்டில் உடைகிற பூட்டை மாட்டிவிட்டுப் பாதுகாப்பு என்கிறார்கள். ப்ராஜெக்டுக்கு 45 தருவது சரியா தவறா என்பது வேறு விவாதம். எண்ணை வெளியே சொன்னால்தானே அந்த விவாதமே நடக்கும்!

2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு நின்றபோது நம் அரசு என்ன செய்தது? பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 என்று சதவீதத்தை அறிவித்தது. பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே போட்டுச் சரிபார்த்தார்கள். இன்ஜினியரிங் கட்-ஆப் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆட்டோ ஓட்டும் அப்பாவும் மகளுக்குப் போட்டுச் சொல்வார். மாநிலம் முழுக்கச் சொல்ல முடிவதை ஒரு பள்ளியால் ஏன் சொல்ல முடியவில்லை?

வரும் பெற்றோர் கூட்டத்துக்கு நானும் போகிறேன். மூன்று கார்டும், பேத்தி தன் கையால் போட்ட அந்த ஒரு பக்கக் கணக்கும் என் பையில் இருக்கும். கார்டின் அடியில் 40, 15, 45 என்று ஒரு வரி அச்சிடுங்கள் என்றுதான் கேட்கப்போகிறேன். உங்கள் பிள்ளைகளின் கார்டில் பங்கு போடவில்லை என்றால், பெயரை மறைத்துவிட்டு இரண்டு கார்டுகளின் எண்களைக் கமெண்டில் எழுதுங்கள். விடையை நான் போட மாட்டேன், நீங்களே போடுங்கள். எங்கே தடுக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.