நீளமா எழுதினா மார்க்கா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால், டைனிங் டேபிள் முழுக்க எட்டாம் வகுப்பு விடைத்தாள்கள். 'தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுக' என்பது கேள்வி. மொத்தம் 10 மார்க். கடித அமைப்புக்கு 3, ஒரு பக்கம் நிரம்பினால் 3, கையெழுத்துக்கு 2, விஷயத்துக்கு 2.

ஒரு மாணவி ஒன்றரைப் பக்கம் முத்து முத்தாக எழுதியிருந்தாள். 'இருளில் தவிக்கும் எங்களுக்கு ஒளி தாருங்கள்' என்று உருக்கம். எந்தத் தெரு என்றுதான் இல்லை! ஆனால் 9 மார்க்.

இன்னொரு பையன் கிறுக்கலாக 7 வரி. பிள்ளையார் கோயில் தெரு, 14-ம் நம்பர் கம்பம், 10 நாளாக எரியவில்லை, டியூஷன் விட்டு வரும்போது குழி தெரியாமல் விழுகிறோம், பல்பை மாற்றுங்கள். தேதி போடவில்லை. 5 மார்க்.

"அக்கா, இதுல எந்த லெட்டரைப் படிச்சு ஆள் ஏணியோட கிளம்புவார்?" என்றேன். சிரித்தவர், அப்புறம் யோசித்தார்.

2005-ல் அமெரிக்காவின் SAT தேர்வில் 25 நிமிடக் கட்டுரை சேர்க்கப்பட்டது. எம்.ஐ.டி.யில் இருந்த லெஸ் பெரல்மன் மாதிரிக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார். நீளத்தை மட்டும் வைத்தே பெரும்பாலும் மார்க்கைச் சரியாகச் சொல்ல முடிந்தது. தகவல் தப்பாக இருந்தாலும் மார்க் குறையவில்லை.

நாங்களும் 40 தாள்களைப் படிக்காமலே நீளவாரியாக அடுக்கினோம். மார்க்கும் ஏறக்குறைய அதே வரிசை! "விஷயம் தெரிஞ்ச பிள்ளைங்கதான் நிறைய எழுதும்டி" என்றார் அக்கா. நியாயம்தான். நீளமும் மார்க்கும் சேர்ந்து போவதால் மட்டும் அட்டவணை தப்பு என்று சொல்லிவிட முடியாது.

அதனால் இன்னொரு சோதனை. பையனின் கடிதத்தை அக்காவே அழகாக, தேதி போட்டு, அலங்கார வாக்கியங்களால் ஒரு பக்கத்துக்கு இழுத்து எழுதினார். புதுத் தகவல் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. பழைய அட்டவணைப்படி திருத்தினால் 10! விஷயம் மாறாமல் 5 மார்க் ஏறியது என்றால், அந்த 5 எதற்குக் கிடைத்தது என்று புரிந்துவிட்டது.

அக்கா அட்டவணையை மாற்றினார். இடத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா, 2. என்ன பழுது, எத்தனை நாளாக, 2. என்ன செய்யக் கேட்கிறார், 2. யாருக்குப் பாதிப்பு, 1. அமைப்புக்கு 2, கடிதத்துக்கு அதுவும் வேண்டுமே. கையெழுத்து அழகாக வேண்டாம், வாசிக்க முடிந்தால் 1.

மறுபடி திருத்தியதில் பையனுக்கு 9. இழுத்து எழுதிய கடிதத்துக்கு 10. வித்தியாசம் அந்தத் தேதி மட்டும்தான். முத்து முத்தான கடிதத்துக்கு 6.

"அவகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார் அக்கா. "எந்தத் தெருன்னு கேளுங்க. அதுலயே புரிஞ்சுடும்" என்றேன்.