விலை தவறினால் சொல்லும் தவறலாமா?

ஆர்டர் உறுதியாகிறது, கணக்கிலிருந்து பணமும் போய்விடுகிறது. மறுநாள் காலையில் ‘பொருள் கையிருப்பில் இல்லை, உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது’ என்று ஒற்றை வரியில் தகவல் வருகிறது. மாலையில் பார்த்தால் அதே பொருள் அதே கடையில் பல மடங்கு விலையில் விற்பனைக்கு இருக்கிறது. இணைய விற்பனையில் வாடிக்கையாகிவரும் இந்தப் பொய்யை, தீபாவளித் தள்ளுபடிக் காலம் தொடங்குவதற்கு முன் தடுத்தாக வேண்டும்.

விலையைப் பதிவேற்றும்போது ஒரு சைபர் விட்டுப்போவது யாருக்கும் நேரலாம். அதைச் சொல்ல விற்பனையாளர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. தாமாக ரத்து செய்யும் ஆர்டர்கள் கூடினால் தளத்தில் அவருடைய மதிப்பீடு சரியும். ஆகவே சிலர் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார், பணம் உடனே வந்துடும்” என்கிறார்கள். நம்பிச் செய்தால், ‘வாங்குபவர் விருப்பப்படி ரத்து’ என்று பதிவாகிவிடும். பிறகு புகார் கொடுக்கப் போனால், அந்தப் பதிவே புகார்தாரருக்கு எதிராக நிற்கும்.

நேர்மையான அறிவிப்பு எப்படி இருக்கும்? ரூ.2,450 விலையுள்ள பித்தளைக் குத்துவிளக்கு ரூ.245 என்று பதிவாகி, சில மணி நேரத்தில் நாற்பது பேர் வாங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் அன்றே இப்படி எழுதலாம்:

“குத்துவிளக்கின் விலை 2,450 ரூபாய். பதிவேற்றியபோது 245 என்று தவறாக இட்டுவிட்டோம். இன்று மதியம் 2 மணிக்குத் திருத்தினோம். தவறு எங்களுடையது. ஏற்கெனவே அனுப்பிவிட்ட விளக்குகளுக்குக் கூடுதல் பணம் கேட்க மாட்டோம். மற்றவர்கள், விரும்பினால், எங்கள் அடக்க விலையான 1,900 ரூபாய்க்கு ஒரு விளக்கு வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் முழுப் பணமும் செலுத்திய வழியிலேயே திரும்பும். பயன்படுத்திய கூப்பனும் மீண்டும் செல்லும். மூன்று நாளில் பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பிவிடுவோம்.”

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. வாங்கியவர் பேசாமல் இருந்தால் பணம் அவரிடமே திரும்ப வேண்டும். மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு மீதித் தொகையை வசூலிக்கக் கூடாது. இந்தச் செய்தி தளத்தின் ஆர்டர் பக்கத்துக்குள்ளேயே வர வேண்டும். ‘விலை வித்தியாசத்தை இந்த இணைப்பில் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை மோசடி என்றே கருதி ஒதுக்குவது நல்லது.

தவறான விலைக்கே பொருளைத் தர வேண்டுமா என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உருவாகிறது என்று பல தளங்கள் தம் விதிமுறையில் எழுதிவைத்திருக்கின்றன. ஆனாலும், 2014-இல் 190 ரூபாய்க்குப் பட்டியலிடப்பட்ட மடிக்கணினியை வாங்கிய ஒடிசா மாணவர் ஒருவரின் ஆர்டர் ரத்தானபோது, அவருக்கு இழப்பீடு தரும்படி அம்மாநில நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது.

மறுபுறம், சிங்கப்பூரில் 2003-இல் 3,854 வெள்ளி அச்சுப்பொறி 66 வெள்ளிக்குப் பதிவானது. அதைக் கண்ட ஆறு பேர் மட்டும் 1,606 அச்சுப்பொறிகளை ஆர்டர் செய்தார்கள். விலை தவறு என்று தெரிந்தே வாங்கியதால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. வீட்டுக்கு ஒரு விளக்கு வாங்கியவரையும் மறுவிற்பனைக்கு நூறு விளக்கு வாங்கியவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மேலே காட்டிய அறிவிப்பு ஒருவருக்கு ஒரு விளக்கு என்று வரையறுப்பதும் இதனால்தான்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் ஒரு சமநிலையை வகுத்திருக்கின்றன. நிறுவனம் தானாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காவிட்டால், ரத்து செய்யும் நுகர்வோரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. ஆனால் ரத்துக்கான உண்மைக் காரணத்தை எழுத்தில் சொல்லும் கடமையும் தெளிவாக விதிக்கப்பட வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதை உடனே செய்ய வேண்டும். ‘கையிருப்பில் இல்லை’ என்று ரத்தான பொருள் ஓரிரு நாளில் கூடுதல் விலையில் திரும்பி வந்தால், அதைக் கண்டுபிடிக்கத் தேவையான பதிவுகள் எல்லாம் தளங்களின் கையிலேயே இருக்கின்றன. உண்மையைச் சொன்ன விற்பனையாளரின் மதிப்பீட்டைக் குறைக்காமல், பொய் சொன்னவரைத் தண்டிக்கும்படி தளங்கள் தம் கணக்கை மாற்றியாக வேண்டும். இன்றைய கணக்கு பொய்யைத்தான் லாபமாக்குகிறது.

அதுவரை வாங்குபவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். விலை தெரியும் பக்கத்தையும் ஆர்டர் உறுதிச் செய்தியையும் படமெடுத்து வையுங்கள். விற்பனையாளர் கேட்டார் என்பதற்காக நீங்களே ரத்து செய்யாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்யுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கும் தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.