காலாவதியான பாலிசிக்கும் தேய்மானமா?

மேலாளர்களுக்கு வாங்கிய கார்களின் ஆன்ரோடு தொகையை முழுவதுமாகச் சொத்துக் கணக்கில் ஏற்றிவிடுவது என்று இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் இயங்கும் அந்த உதிரிபாக நிறுவனத்தின் நிர்வாகம் எடுத்த முடிவு, தொழிற்பேட்டையில் சில வாரங்களாகப் பேசப்பட்டு வருகிறது. ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், முதல் இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் ஒரே தொகையாகப் பேரேட்டில் ஏறியிருக்கின்றன. கார் விற்பவர் கொடுத்த கொட்டேஷனைப் பார்த்துக் கணக்கு எழுதும் வழக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

வரியிலும் பதிவிலும் பிழை இல்லை. தமிழகத்தில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். 12 லட்ச ரூபாய் காருக்கு அது 2,16,000 ரூபாய். இதையும் பதிவுக் கட்டணத்தையும் கட்டாமல் அந்த வண்டி சாலையில் ஓட முடியாது. ஒரு முறை கட்டினால் பலன் தொடர்ந்து வருகிறது. சொத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர நேரடியாக ஆன செலவு சொத்தின் அடக்கத்தில் சேரும் என்பது கணக்கியல் தரம் 10 சொல்லும் விதி. அதில் வாழ்நாள் வரி கச்சிதமாகப் பொருந்துகிறது.

பிரச்சினை இன்சூரன்ஸில்தான். பாலிசி இல்லாமல் பதிவு நடக்காது, ஆகவே அதுவும் வாகனத்தை ஓட்டத் தகுதியாக்கும் செலவே என்கிறது நிர்வாகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்துவதால் மட்டும் ஒரு செலவு சொத்தாகிவிடாது. பிரீமியம் வாங்கித் தருவது குறிப்பிட்ட காலத்துக்கான பாதுகாப்பு. தேதி முடிந்ததும் அது தீர்ந்துபோகிறது. மறுபடி கட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டுப் பிரீமியத்தைச் செலவாக எழுதப்போகிறவர்கள், முதல் ஆண்டுப் பிரீமியத்தை மட்டும் சொத்து என்பது எந்தக் கணக்கு? ஆலையிலிருந்து ஷோரூம் வந்து சேரும் வரையிலான வழிப்பயண இன்சூரன்ஸாக இருந்தால் பேச்சே வேறு. அது அடக்கத்தில் சேரும்.

எண்களில் பார்த்தால் அபத்தம் பளிச்சென்று தெரியும். அக்டோபர் 1 அன்று வாங்கிய காரின் பிரீமியம் 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 36,000 ஓராண்டுக்கான சொந்தச் சேதப் பாதுகாப்பு. மீதி 12,000 மூன்றாம் நபர் பாதுகாப்பு. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு இது மூன்றாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. மார்ச் 31 வரை ஆறு மாதத்துக்கு முதலாவதில் 18,000, இரண்டாவதில் 2,000, ஆக 20,000 ரூபாய் அந்த ஆண்டின் செலவு. மிச்சம் 28,000 முன்கூட்டிச் செலுத்திய செலவாக நின்று, பாதுகாப்புக் காலம் நகர நகரக் கரையும்.

சொத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? வருமான வரி விதிப்படி 15 சதவீதத் தேய்மானம் போட்டால் முதல் ஆண்டில் 7,200 ரூபாய்தான் கழியும். நான்காவது மார்ச்சில் இரண்டு பாதுகாப்புகளும் காலாவதியாகியிருக்கும். புத்தகத்திலோ 25,056 ரூபாய் இன்னும் சொத்தாக உட்கார்ந்திருக்கும். பழைய பாலிசித் தாளைக் காட்டி யாரிடம் அதை விற்பார்கள்?

இவர்களின் பழைய சாதனைகளையும் மறக்க முடியவில்லை. முன்பு இதே மேசையில்தான் ஒரு காரின் வாழ்நாள் வரி முழுவதும் அந்த ஆண்டின் செலவாக எழுதப்பட்டு, லாபம் சுருங்கியது எதனால் என்று மாதக்கணக்கில் விசாரணை நடந்தது. அதற்கு நேர்மாறாக, லாரிகளுக்குக் காலாண்டுதோறும் கட்டும் வரி சொத்தில் ஏறியது. மூன்று மாதத்தில் தீரும் வரிக்குத் தேய்மானம்! மேலாளர் ஓட்டும் காரின் ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்ததும் இவர்களே. 13 பேருக்கு மிகாமல் அமரும் பயணிகள் வாகனத்துக்கு, அதை விற்கிற, பயணிகளை ஏற்றுகிற, ஓட்டுநர் பயிற்சி தருகிற தொழில்களைத் தவிர மற்றவர்களுக்கு, அந்த வரவை ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு மறுக்கிறது. கடைசியில் வட்டியோடு திருப்பிக் கட்டினார்கள். வரவு கிடைக்காத அந்த ஜிஎஸ்டி காரின் அடக்கத்தில் சேர வேண்டிய தொகை. அங்கே சேர்க்கத் தோன்றாதவர்களுக்கு இன்சூரன்ஸைச் சேர்க்க மட்டும் தோன்றியிருக்கிறது.

கூப்பிடு தூரத்தில், 1998 முதல் கார்களை உற்பத்தி செய்யும் ஆலை ஓடுகிறது. அதை நம்பிப் பிழைக்கும் வட்டாரத்தில் ஒரு காரின் பில்லைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தெரிந்தவர்களிடம் கேட்கவில்லை என்பதே உண்மை. ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் ஆடிட்டரோ இயக்குநர் குழுவோ யாராவது இந்த உத்தரவைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். அடுத்த கார் டெலிவரிக்கு வரும்போதாவது பில்லின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.