இரண்டு மணிக்கு என்ன தெரிய வேண்டும்?

ஆசிரியர் உரை

“தரவு எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும்?” என்று வணிகப் பிரிவினரிடம் கேட்டால், “உடனுக்குடன்” என்றுதான் சொல்வார்கள். நாமும் செலவைக் கணக்குப் போட்டு, “மணிக்கு ஒரு முறை தருகிறோம்” என்று பேரம் முடித்துவிட்டு வருவோம். ஆனால் அவர்களுடைய வேலை எந்த நேரத்துக்கு எந்த எண்ணைக் கேட்கிறது என்பது அந்தப் பேரத்தில் வரவே இல்லை. தாமதப் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முளைக்கின்றன என்பது என் அனுபவம்.

நான் வேலை பார்த்த ஒரு மளிகைச் சங்கிலி நிறுவனத்துக்கு 40 கடைகள். “ஸ்டாக் எல்லாம் ரியல் டைம்ல தெரியணும் சார்” என்றார் கொள்முதல் மேலாளர். “போன வாரம் நீங்க ஆர்டர் போட்டது எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்: “காலைல ஆறரைக்கு மொத்த ஆர்டர். மதியம் ரெண்டு மணிக்குப் பால், ரொட்டிக்கு மட்டும் இன்னொண்ணு.” நாளின் மற்ற நேரத்தில் அந்த எண்களை வைத்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. ஆக, எங்களுக்கு வேண்டியவை இரண்டே இலக்குகள். காலை 6:00 மணிக்குள் முந்தைய நாளின் முழு விற்பனை தெரிய வேண்டும். மதியம் 2:00 மணிக்குப் பார்க்கும்போது விற்பனைத் தரவு ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

மதியக் கணக்கை முதலில் பார்ப்போம். கடைகள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை விற்பனையை அனுப்பின. பைப்லைன் ஓடி முடிய 12 நிமிடம். அப்போது ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. 1:00 மணிக்குத் தொடங்கும் ரன்னில், மோசமான நிலையில், 12:45 வரையிலான விற்பனைதான் இருக்கும். அது 1:12-க்கு டேஷ்போர்டுக்கு வரும். அடுத்த ரன் முடிவது 2:12-க்கு. ஆகவே மேலாளர் 2:00 மணிக்குத் திறந்தால் அவர் பார்ப்பது 75 நிமிடப் பழைய தரவு. 2:12-ஐ நெருங்கும்போது அது 87 நிமிடமாகிவிடும். மூலத்தின் தாமதம் 15, இடைவெளி 60, ஓடும் நேரம் 12 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை அது. “மணிக்கு ஒரு முறை” என்று வாக்குக் கொடுத்தவர்கள் இடைவெளியை மட்டுமே எண்ணியிருந்தோம்.

இதற்கு முதலில் தோன்றும் வழி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிடுவது. அதாவது நான்கு மடங்கு ரன்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. மணிக்கொரு ரன்னை நிறுத்திவிட்டு, 1:30-க்கு ஒரே ஒரு ரன் வைத்தோம். 1:42-க்கு முடியும், கையில் 1:15 வரையிலான விற்பனை இருக்கும், 2:00 மணிக்குத் தரவின் வயது 45 நிமிடம். கடைசி நொடியில் ரன் தோற்றாலும், மறுபடி ஓடவிட்டு 1:54-க்கு முடித்துவிடலாம். ரன்களின் எண்ணிக்கை குறைந்தது, இலக்கும் எட்டியது.

காலை இலக்குக்கு நேரத்தைப் பின்னோக்கி எண்ண வேண்டும். முழு ரன் வழக்கமாக 50 நிமிடம், முந்தைய 30 நாளில் மிக நீண்டது 70 நிமிடம். திட்டத்துக்கு 70-ஐத்தான் எடுக்க வேண்டும். முதல் ரன்னுக்கு 70, அது தோற்றால் மறு ரன்னுக்கு 70, இடையில் ஒருவர் எழுந்து காரணத்தைப் பார்க்க 20. 6:00 மணியிலிருந்து இந்த 160 நிமிடத்தைக் கழித்தால் 3:20 வருகிறது. 3:15-க்கு வைத்தோம். கடைகளின் நாள்முடிவுக் கோப்புகளில் கடைசியானதும் பெரும்பாலும் இரவு 2:00 மணிக்குள் வந்துவிடும்.

பெரும்பாலும் வரும், எப்போதும் வராது. இணைப்பு அறுந்த ஒரு கடைக்காக மற்ற 39 கடைகளின் எண்களை நிறுத்தி வைப்பதா? இது நாம் தனியாக எடுக்கக்கூடிய முடிவு அல்ல. மேலாளரைக் கேட்டோம். 38 கடைகள் வந்திருந்தால் ஓடவிடுங்கள், வராத கடையின் பெயரை மட்டும் மேலே காட்டுங்கள் என்றார். புதுமைக்கும் முழுமைக்கும் இடையே எதை விட்டுக்கொடுப்பது என்று அப்படித்தான் தீர்மானமாயிற்று.

ஒரு விடியற்காலையில் எங்களுக்குக் கிடைத்த பாடத்தையும் சொல்ல வேண்டும். சர்வர் யுடிசி நேரத்தில் ஓடியது. இந்திய நேரம் 3:15 என்பது அங்கே முந்தைய நாள் இரவு 21:45.

```
45 21 * * *
```

வினவலில் ஒருவர் `CURRENT_DATE - 1` என்று எழுதியிருந்தார். 3:15-க்கு அந்தக் கணினியில் இன்னும் ‘நேற்று’ முடியவில்லை. ஆகவே முந்தாநாள் விற்பனையை எடுத்துவிட்டது. ரன் பச்சையாக முடிந்தது, டேஷ்போர்டும் நிறைந்திருந்தது. அதே ரன்னைக் காலை 5:30-க்குப் பிறகு மறுபடி ஓட்டியபோது யுடிசி நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் சரியான நாள் வந்தது. அதனால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. அன்று முதல், எந்த வணிக நாளுக்கான ரன் என்பதை ஷெட்யூலரே தேதியாக அனுப்புகிறது. வினவல் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் கண்காணிப்பு இதைப் பிடிக்கவில்லை. காரணம், அது தரவு ஏற்றப்பட்ட நேரத்தைப் பார்த்தது. டிபிடியின் `loaded_at_field`-இல் ஏற்றிய நேரத்தைக் கொடுத்தாலும் இதே குறைதான்: ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது என்று மட்டுமே தெரியும். பார்க்க வேண்டியது விற்பனை நடந்த நேரத்தை. அதையும் மொத்தமாகப் பார்த்தால், ஒரு கடை மௌனமாக இருப்பது மற்ற கடைகளின் இரைச்சலில் மறைந்துவிடும். எனவே கடைவாரியாக:

```sql
SELECT s.shop_id, MAX(t.sold_at) AS last_sale
FROM shops s
LEFT JOIN sales t ON t.shop_id = s.shop_id
GROUP BY s.shop_id
ORDER BY last_sale;
```

கடைகளின் பட்டியலிலிருந்து தொடங்குவதால், ஒரு வரி விற்பனைகூட அனுப்பாத கடையும் விடுபடாது. வார விடுமுறையில் இருக்கும் கடைகளை மட்டும் கழித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் வாராவாரம் பொய் எச்சரிக்கை வரும், பிறகு மெய் எச்சரிக்கையையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

கடைசியில் ஒப்பந்தம் நான்கு வாக்கியங்களில் அடங்கியது. காலை 6:00 மணிக்குள், 38 கடைகளாவது அடங்கிய முந்தைய நாள் விற்பனை. 30 நாளில் 29 நாள் இது நிறைவேறும். 6:00-க்குள் ரன் முடியாவிட்டால் மேலாளருக்குச் செய்தி போகும். அன்று அவர் போன வாரம் அதே கிழமையில் போட்ட அளவையே ஆர்டர் போடுவார். இரண்டு ரன்களும் தோற்கும் நாளை எந்த ஷெட்யூலும் காப்பாற்றாது. அந்த நாளில் என்ன செய்வது என்பதை முன்பே எழுதிவைத்ததால்தான் இது ஒப்பந்தம் ஆகிறது.

உங்கள் ஷெட்யூலில் மணிக்கொரு முறை ஓடும் ஒரு வேலையை இந்த வாரம் தேர்ந்தெடுங்கள். அதன் முடிவை யார், எத்தனை மணிக்குப் பார்த்து, எதைத் தீர்மானிக்கிறார் என்று நேரில் போய்க் கேளுங்கள். அந்த மணியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ரன்னை அது இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள்.