பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்

"கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், தலைமைத்துவப் பண்பு மிக்கவர், அனைவரிடமும் பணிவுடன் பழகுபவர்." உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு நாம் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதங்களில் இந்த வரியைப் பலமுறை பார்க்கலாம். எழுதுபவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால், இப்படிப்பட்ட கடிதம் மாணவருக்குப் பெரிதாக உதவுவதில்லை என்பது என் கருத்து. மதிப்பெண் சாதாரணமாக இருக்கும் மாணவருக்கு இதனால் இழப்பே ஏற்படுகிறது. அவருக்காகப் பேசக்கூடிய ஒரே தாள் அதுதான்.

வார இறுதியில் தொண்டூழியர்கள் நடத்தும் ஒரு துணைப்பாட வகுப்பில் நான் இரண்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். அங்கு என்னிடம் படித்த ஒருவர், பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்க உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தார். எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாரித்து, "அவனுக்கு நேரடியாகப் பாடம் எடுத்தது நீதானம்மா, சரிபார்த்துத் திருத்தி எழுது. இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்" என்றார். அந்தக் கடிதத்தின் சாரம்தான் மேலே உள்ள வரி.

நான் முதலில் செய்தது ஓர் எளிய சோதனை. மாணவரின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்தேன். எங்கள் வகுப்பில் 14 பேர். கடிதம் அந்த 14 பேருக்கும் அப்படியே பொருந்தியது. எல்லாருக்கும் பொருந்தும் பாராட்டு யாரையும் அடையாளம் காட்டுவதில்லை. தேர்வுக்குழுவுக்கு அந்த மாணவரைத் தெரியாது, எங்களையும் தெரியாது. நம்புவதற்கு அவர்களுக்கு ஏதாவது காரணம் வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பாராட்டுக்கும் எதிரே "இதை நான் எங்கே, எப்போது பார்த்தேன்?" என்று எழுதினேன். வருகைப் பதிவேட்டையும் பழைய பயிற்சித் தாள்களையும் எடுத்துவைத்துக்கொண்டேன். 'கடின உழைப்பாளி' என்ற சொல்லுக்கு எதிரே எழுத நிறைய இருந்தது. உயர்நிலை மூன்றில் எங்களிடம் வந்தபோது கணிதத்தில் அவர் 38 மதிப்பெண் பெற்றிருந்தார். தவறாகச் செய்த ஒவ்வொரு கணக்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் எழுதி, ஏன் தவறியது என்று வலப்பக்கத்தில் ஒரே வரியில் குறிப்பார். சில மாதங்களில் இரண்டு நோட்டுகள் நிறைந்தன. தம் தவறுகளில் பெரும்பாலானவை இயற்கணிதத்தால் வருபவை அல்ல, கேள்வியை அவசரமாகப் படிப்பதாலும் சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பதாலும் வருபவை என்று அவரே கண்டுபிடித்தார். உயர்நிலை நான்கின் முன்னோட்டத் தேர்வில் 64 எடுத்தார். இப்போது மற்ற மாணவர்களையும் அப்படியொரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பவருக்கு 64 என்ற எண் மட்டுமே தெரியும். 38இலிருந்து அங்கு எப்படி வந்தார் என்பது கற்பித்தவருக்குத்தான் தெரியும். பரிந்துரைக் கடிதம் சொல்ல வேண்டியது அதைத்தான்.

'தலைமைத்துவம்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அவர் எந்த அணிக்கும் தலைவராக இருந்து நான் பார்த்ததில்லை. பள்ளியின் இணைப்பாட நடவடிக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது பள்ளி. நான் பார்த்தது வேறு: 9 மணி வகுப்புக்கு 8.40க்கே வந்து, யாரும் சொல்லாமலே உயர்நிலை இரண்டு மாணவர்கள் இருவருக்கு வீட்டுப்பாடத்தில் உதவுவார். அதை அப்படியே எழுதினேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் படிப்பவரே முடிவு செய்யட்டும்.

பிறகு கடிதத்தின் வரிசையை மாற்றினேன். முதல் பத்தியில் அவரை எங்களுக்கு எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும், எதற்காகப் பரிந்துரைக்கிறோம் என்பது மட்டும். இரண்டாவதில் நோட்டுப் புத்தகம். பொறியியல் படிப்புக்கு அதுதான் மிகவும் பொருத்தமானது என்பதால் அது முன்னால் வந்தது. மூன்றாவதில் இளைய மாணவர்களுக்கு அவர் செய்த உதவி. கடைசிப் பத்தியில் ஓர் ஒப்பீடும் எங்கள் தொடர்பு விவரங்களும். 'நான் கண்டதிலேயே தலைசிறந்த மாணவர்' என்று எழுதினால், இருபது வயதில் எத்தனை பேரைக் கண்டிருப்பேன் என்ற கேள்வி எழும். அதனால், 'நான் கற்பித்த 14 பேரில், தம் தவறுகளைத் தாமே வகைப்படுத்திப் பார்த்தவர் இவர் ஒருவரே' என்று எழுதினேன். சிறிய கூற்றுதான், ஆனால் அதை யாரும் சந்தேகிக்க முடியாது.

ஒரு குறையையும் சேர்த்தேன்: குழுவாகப் பேசும்போது அவர் தாமாக வாய்திறக்கச் சற்று நேரம் எடுக்கும். ஒருங்கிணைப்பாளர் தயங்கினார். குறையே இல்லாத கடிதத்தை யாரும் முழுதாக நம்புவதில்லை என்றேன். அந்த ஒரு வரி போதும் என்று ஒப்புக்கொண்டார்.

சேர்க்காமல் விட்டதும் உண்டு. குடும்பச் சூழ்நிலையால் அவர் சில வாரங்கள் வகுப்புக்கு வரவில்லை. அதைச் சொன்னால் அவருடைய முன்னேற்றம் இன்னும் பெரிதாகத் தெரியும். அவரிடம் கேட்டேன். "வேண்டாங்க்கா, அது வீட்டு விஷயம்" என்றார். விட்டுவிட்டேன். அனுதாபம் தேடித் தரும் உண்மை என்றாலும், அதைச் சொல்லலாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது.

சொல் தேர்விலும் கவனம் தேவை. ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா என்ற இரு ஆய்வாளர்கள், ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் வேலைக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குறுகியவையாகவும், சந்தேகம் எழுப்பும் சொற்றொடர்களை அதிகம் கொண்டவையாகவும் இருந்தன. உழைப்பைப் புகழும் சொற்களும் அவற்றில் கூடுதலாக இருந்தன. 'நன்றாக முயற்சி செய்பவர்' என்று மட்டும் எழுதினால், 'திறமை அவ்வளவாக இல்லை' என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். எனவே, முயற்சியால் என்ன விளைந்தது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

நாற்பது மாணவர்களை வைத்திருக்கும் ஆசிரியருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடிதம் கேட்டு வரும் மாணவரே ஒரு பக்கக் குறிப்பு கொண்டுவரலாம்: எதற்கு விண்ணப்பிக்கிறார், கடைசி நாள் எது, ஆசிரியர் நேரில் பார்த்த இரண்டு நிகழ்வுகள் எவை, எதைச் சொல்லக்கூடாது. ஆசிரியருக்கு அதில் நினைவிருப்பதை மட்டும் அவர் தம் சொற்களில் எழுதினால் போதும். மாணவரே முழுக் கடிதத்தையும் எழுதி, ஆசிரியர் கையெழுத்து மட்டும் போடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அது பரிந்துரை ஆகாது.

குறிப்பைப் பார்த்த பிறகும் எழுத ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால், "உன்னை இன்னும் நன்றாகத் தெரிந்தவரிடம் கேளப்பா" என்று ஆசிரியர் சொல்லிவிடலாம். வெறும் அடைமொழிகளால் ஒரு பக்கத்தை நிரப்பிக் கொடுப்பதைவிட அது அந்த மாணவருக்கு அதிகம் உதவும்.